பத்து இலக்கங்களும் ஒரு பூ வியாபாரியும்

மதுரை மேல மாசி வீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் 18 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கோப்பு அச்சடிக்கும் உலோகத் தகடான பிளேட்டுக்குப் போவதற்கு முன், மாதிரித் தாளான புரூஃபை கடைசியாகப் பார்த்துக் கையெழுத்திடுவது என் பொறுப்பு. எழுத்துப் பிழை தப்பிப் போனால் படிப்பவர் முகம் சுளித்துவிட்டு மேலே படித்துவிடுவார். தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் அந்தத் தாள் முழுவதும் வீண். அதைவிட மோசமானது, அந்தத் தாளோடு எந்தத் தொடர்பும் இல்லாத யாரோ ஒருவருடைய வீட்டில் மணி ஒலிக்கத் தொடங்குவது. இதை ஒரு பள்ளி நோட்டீஸ் வழியாகத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

மாணவர் சேர்க்கைக்காக ஒரு தனியார் பள்ளி 5,000 நோட்டீஸ் கேட்டிருந்தது. ஏ5 அளவு, நான்கு வண்ணம். ஞாயிற்றுக்கிழமை காலை செய்தித்தாளோடு வைத்து வீடுகளுக்குக் கொடுக்க ஏற்பாடு. முதல் புரூஃபில் கைப்பேசி எண் சரியாகவே இருந்தது. பள்ளி அனுப்பிய கையெழுத்துத் தாளோடு நானே ஒப்பிட்டுப் பார்த்தேன். புரூஃபைப் பார்த்த பள்ளித் தாளாளர் எண் சிறிதாக இருக்கிறது, அடியில் சிவப்புப் பட்டை போட்டு அதில் வெள்ளை எழுத்தில் பெரிதாக வையுங்கள் என்றார். வடிவமைப்பாளர் பழைய எண்ணை நகலெடுக்காமல், புதிய பெட்டி ஒன்றில் மறுபடியும் தட்டச்சு செய்தார். அப்போது நடுவிலிருந்த 67 என்பது 76 ஆகிவிட்டது.

இரண்டாவது புரூஃபில் நான் பார்த்தது தாளாளர் சொன்ன திருத்தம் நடந்திருக்கிறதா என்பதை மட்டும்தான். பட்டை வந்திருக்கிறது, எழுத்து பெரிதாகியிருக்கிறது, நிறம் சரி என்று குறித்துக்கொண்டேன். எண்ணை முந்தைய புரூஃபிலேயே பார்த்துவிட்டோம் என்ற நினைப்பு மனத்தில் இருந்தது. தாளாளரும் பார்த்துக் கையெழுத்திட்டார். அது அவருடைய சொந்த எண். சொந்த எண்ணை எவரும் இலக்கம் இலக்கமாகப் படிப்பதில்லை, முகத்தை அடையாளம் காண்பது போல மொத்தமாகத்தான் பார்க்கிறோம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதோடு, பட்டையின் அகலத்துக்குப் பொருந்துவதற்காக ஐந்து ஐந்தாக இருந்த எண்ணை 4, 3, 3 என்று பிரித்து வைத்திருந்தோம். வழக்கமான பிரிப்பு கலைந்துவிட்டதால், எதாவது இடறினாலும் அது பிரிப்பால் வந்த இடறல் என்றே கண் எடுத்துக்கொண்டிருக்கும்.

ஞாயிறு காலை 3,000 தாள்கள் வீடுகளுக்குப் போய்விட்டன. மதியம் தாளாளர் அழைத்து, ஒரு விசாரணைகூட வரவில்லையே என்றார். நோட்டீஸை எடுத்து, அதில் இருந்த எண்ணை அப்படியே அழுத்தினேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை வியாபாரம் செய்யும் ஒருவர் எடுத்தார். விடியற்காலை மூன்று மணியிலிருந்து வெளியூர் வியாபாரிகள் அவரிடம் விலை கேட்டு அழைக்கும் எண் அது. அன்று முகூர்த்த நாள் வேறு.

மறுநாள் நேரில் போய்ப் பார்த்தேன். "அண்ணே, தப்பு எங்களுதுதான்" என்றேன். "தப்புன்னு சொல்லிட்டா போதுமா தம்பி, நேத்து மட்டும் எத்தனை பேருக்குப் பதில் சொன்னேன் தெரியுமா" என்றார். கோபம்தான். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு தெர்மாகோல் பெட்டியின் மூடியில் பள்ளியின் சரியான எண்ணை ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். அழைத்த பெற்றோர் ஒருவரே பள்ளிக்கு நேரில் போய் அந்த எண்ணை வாங்கி அவருக்குச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு வந்த ஒவ்வோர் அழைப்புக்கும் பூ நிறுத்துக்கொண்டே அந்த மூடியைப் பார்த்து எண்ணைப் படித்துக் காட்டியிருக்கிறார். எங்கள் வேலையை அவர் செய்துகொண்டிருந்தார்.

மீதமிருந்த 2,000 தாள்களைத் தூக்கிப்போட்டுவிட்டு 5,000 தாள்களையும் எங்கள் செலவில் மறுபடி அடித்தோம். அதில் ஒரு தொழில் பாடமும் இருந்தது. எண் கருப்பு எழுத்தில் மட்டும் இருந்திருந்தால், அச்சுக்கு முன் கண்டுபிடிக்கும் தவறுக்குக் கருப்பு பிளேட் ஒன்றை மாற்றினால் போதும். சிவப்பின் நடுவே வெள்ளையாக விட்ட எழுத்து என்பது அந்தச் சிவப்பை உருவாக்கும் மெஜந்தா, மஞ்சள் ஆகிய இரண்டு பிளேட்டுகளிலும் குடைந்த ஓட்டை. இரண்டையும் புதிதாக எடுக்க வேண்டும். அன்றிலிருந்து தொடர்பு விவரங்களை வெளிர்நிறப் பின்னணியில் தனிக் கருப்பில் வைக்கும்படி வாடிக்கையாளர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். மறுத்தால் வற்புறுத்துவதில்லை, ஆனால் அந்த வேலையின் புரூஃபை இன்னொரு முறை கூடுதலாகப் பார்க்கிறேன்.

அந்த நிகழ்வுக்குப் பிறகு எங்கள் வேலை முறை மாறியது. மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை நாங்கள் சரிபார்ப்பு என்று இப்போது சொல்வதில்லை. ஒப்பிட்டால் நகல் சரியா என்பதுதான் தெரியும். மூலமே தவறாக இருந்தால் அந்தத் தவறு சுத்தமாக நகலெடுக்கப்படும். எனவே பிளேட்டுக்குப் போகும் அதே பிடிஎஃப் கோப்பிலிருந்து உண்மையான அளவில் ஒரு தாள் எடுத்து, அந்தத் தாளில் இருப்பதைப் பயன்படுத்திப் பார்க்கிறோம். திரையிலிருந்து அல்ல, முந்தைய புரூஃபிலிருந்தும் அல்ல. எழுத்துரு மாறிவிடாமல் இருக்க எழுத்துகளைக் கோட்டு வடிவங்களாக மாற்றிவிட்ட கோப்பில் பிழை கண்டால் திருத்துவது கூடுதல் வேலை என்றாலும் பரவாயில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். திருத்தம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், வண்ணம் மட்டுமே மாறியிருந்தாலும், தொடர்பு வரிகள் அனைத்தும் முதலிலிருந்து மறுபடி பார்க்கப்படும்.

முதலில் இலக்கங்களை எண்ணுகிறோம். கைப்பேசிக்குப் பத்து. தரைவழி எண்ணுக்கு முன்னால் உள்ள 0 நீங்கலாக ஊர்க்குறியீடும் எண்ணும் சேர்ந்து பத்து. மதுரையின் குறியீடு 0452. அதற்குப் பின் ஏழு இலக்கம் வர வேண்டும். தேனியின் குறியீடு 04546; அதற்குப் பின் ஆறு. இரண்டு ஊரிலும் கிளை வைத்திருக்கும் கடைகளின் லெட்டர்பேடில், தேனி எண்ணுக்கு முன்னால் மதுரைக் குறியீடு ஒட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும். எண்ணிப் பார்த்தால் ஓர் இலக்கம் குறையும், உடனே பிடிபடும். ஆனால் 67, 76 ஆன வகைத் தவறு எண்ணிக்கையில் அகப்படாது.

அதற்கு அழைத்துப் பார்ப்பது ஒன்றே வழி. தட்டச்சு செய்யாத ஒருவர் தாளைப் பார்த்து இலக்கம் இலக்கமாகச் சொல்ல, இன்னொருவர் அச்சகத்தின் தரைவழித் தொலைபேசியில் அழுத்துகிறார். "டபுள் ஃபைவ்" என்று சுருக்கிச் சொல்லக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. வாடிக்கையாளர் எண் பதிந்திருக்கும் கைப்பேசியைப் பயன்படுத்துவதில்லை. நான்கு இலக்கம் அழுத்தியதும் அது பெயரைக் காட்டிவிடும், விரல் அந்தப் பெயரைத் தொட்டுவிடும், தாளில் உள்ள மீதி ஆறு இலக்கங்களையும் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். தரைவழியிலிருந்து கைப்பேசியை அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்பது 2021 ஜனவரியிலிருந்து நடைமுறை. அதை மறந்துவிட்டு நல்ல எண்ணையே தவறு என்று குறித்த நாளும் உண்டு.

மணி அடித்து யாரோ எடுத்துவிட்டால் எண் சரி என்று ஆகாது. பூ வியாபாரியும் எடுத்தார் அல்லவா. "இது இன்ன பள்ளிதானே" என்று கேட்டால், இரைச்சலில் நிற்பவர் காதில் விழாமலேயே "ஆமாம்" என்று சொல்லிவிடக்கூடும். எனவே "யார் பேசுறீங்க, எந்த இடம்?" என்று கேட்டு, பெயர் அவர் வாயிலிருந்து வரும்வரை காத்திருக்கிறோம். எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தாலோ எடுக்காவிட்டாலோ அதைச் சரி என்று எழுதுவதில்லை. புரூஃபில் அந்த வரிக்குப் பக்கத்தில் வட்டம் போட்டு வைக்கிறோம். வட்டம் இருக்கும் தாள் பிளேட்டுக்குப் போகாது.

மின்னஞ்சலுக்கும் இதே நியாயம்தான். யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில் அமைத்த பத்திக்குள் முகவரி மாட்டிக்கொண்டால் அது புரியாத தமிழ் எழுத்துகளாகிவிடும், உடனே கண்ணில் படும். அதைச் சரிசெய்ய மறுபடி தட்டச்சு செய்யும் போதுதான் `admissions@` என்பது `admission@` ஆகிறது. தாளைப் பார்த்துத் தட்டச்சு செய்து, தலைப்பில் வேலை எண்ணைப் போட்டு ஒரு மடல் அனுப்புகிறோம். ஜிமெயிலில் `Address not found` என்று திரும்பி வந்தால் தெளிவு. திரும்பி வராமல் இருப்பது மட்டும் போதாது. அந்தப் பெயரில் வேறொருவர் முகவரி வைத்திருக்கலாம். வாடிக்கையாளரிடமிருந்து பதில் வர வேண்டும்.

இணைய இணைப்பில் ஏமாற்றுவது நம் கணினியே. ஒருமுறை சரியாகத் திறந்த முகவரியை உலாவி நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை பாதி அடித்ததும் மீதியைத் தானே நிரப்புகிறது. அதனால் வேறொருவரின் கைப்பேசியில், மறைநிலைச் சாளரத்தில், முழுவதும் அடித்துப் பார்க்கிறோம். கூகுள் படிவ இணைப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. படிவத்தை உருவாக்கியவர் தன் திரையில் இருந்ததை அப்படியே நகலெடுத்து அனுப்பினால் அது `/edit` என்று முடியும். அவருக்குத் திறக்கும், பெற்றோருக்கு அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும். பொதுமக்களுக்கானது `/viewform` என்று முடிவது. சுருக்கிய இணைப்புகளைத் தாளில் எழுத்தாக அச்சிட நான் சம்மதிப்பதில்லை. அவற்றில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. ஏரியல் போன்ற எழுத்துருவில் பெரிய `I`, சிறிய `l` இரண்டும் ஒரே கோடாகத் தெரியும். அத்தகைய இணைப்புக்கு க்யூஆர் குறியீடு போதும். அதையும் திரையில் அல்ல, அச்சிட்ட புரூஃபில் இரண்டு கைப்பேசிகளால் சோதிக்கிறோம். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை இடம் விடாமல் பட்டையோடு ஒட்டி வைத்தால் சில கைப்பேசிகள் அதைப் படிப்பதில்லை.

நோட்டீஸ் ஒரு வாரத்தில் தன் வேலையை முடித்துவிடும். லெட்டர்பேடு இரண்டு மூன்று ஆண்டு அலமாரியில் இருக்கும். அதனால் லெட்டர்பேடு கேட்பவரிடம் வலைத்தளப் பெயருக்கு எந்தத் தேதி வரை பணம் கட்டியிருக்கிறார் என்றும் கேட்கிறேன்.

போன வாரம் தேனியிலிருந்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் பழைய லெட்டர்பேடு ஒன்றைக் கொண்டுவந்து, இதே மாதிரி 1,000 அடித்துக் கொடுங்கள் என்றார். தரைவழி எண்ணில் இலக்கங்கள் சரியாக இருந்தன. அழைத்தோம். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னது. "அந்த போனை எப்பவோ திருப்பிக் கொடுத்தாச்சே" என்றவர், தாளைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் அதில்தான் கடிதம் அனுப்பியிருக்கிறார். பிறகு தன் கைப்பேசி எண்ணைச் சொன்னார். தட்டச்சு செய்து, புரூஃப் எடுத்து, அதிலிருந்து உதவியாளர் படிக்க நான் அழுத்தினேன். அவர் சட்டைப் பையில் மணி ஒலித்தது. புரூஃபில் வட்டத்தை அழித்துவிட்டுக் கோப்பை பிளேட்டுக்கு அனுப்பினேன்.