தில்லையில் காதில் விழுந்த ஓர் எழுத்து

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அம்மா முதன்முதலாக என்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கீழைக் கோபுரத்துக்குள் நுழையும்போதே ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்லிவிட்டார். "சித் என்றால் அறிவு, அம்பரம் என்றால் ஆகாயம். அறிவே ஆகாயமாக இருக்கிற ஊர்டா இது." அதன்பிறகு அந்தப் பெயரை எங்கே கேட்டாலும் எனக்கு நீலமாக விரிந்த ஒரு வானம்தான் நினைவுக்கு வரும்.

போன மார்கழியில் அம்மாவோடு மறுபடியும் போயிருந்தேன். அவருக்கு இப்போது முழங்கால் வலி, அதனால் எதற்கும் அவசரப்படவில்லை. சிவகங்கைக் குளப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, கனகசபைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். அப்போது கூட்டத்தில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

"கற்றாங் கெரியோம்பிக் கலியை வாராமே
செற்றார் வாழ்தில்லைச் சிற்றம் பலமேய
முற்றா வெண்டிங்கள் முதல்வன் பாதமே
பற்றா நின்றாரைப் பற்றா பாவமே."

சம்பந்தர் தில்லைக்கு வந்தபோது பாடிய தேவாரம் இது. ஏழாம் நூற்றாண்டுப் பாட்டு. பாடி முடித்ததும் எல்லோரும் "திருச்சிற்றம்பலம்" என்றோம். எனக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியும் பட்டையாகத் திருநீறுமாக ஒரு பெரியவர் நின்றிருந்தார். அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. நாங்கள் 'சிற்ற்ரம்பலம்' என்று நாக்கை உருட்டிச் சொன்ன இடத்தில் அவருக்கு உருட்டலே இல்லை. 'சித்தம்பலம்' என்றும் சொல்லமுடியாது, 'சிட்டம்பலம்' என்றும் சொல்லமுடியாது, இரண்டுக்கும் நடுவே நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொட்டுவிட்டு விலகுகிற ஓசை.

தயங்கித்தான் கேட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார். "நாங்கள் இப்பிடித்தான் தம்பி சொல்லுறது. என்ர அப்பாவின்ர பேரே சிற்றம்பலம்தான். இங்கிலீசில எழுதேக்க எஸ், ஐ, அதுக்குப் பிறகு ரெண்டு டி போட்டுத்தான் எழுதுவம்."

அந்த இரண்டு 'டி' அன்றைக்கு முழுக்க என் மனதை விட்டுப் போகவில்லை. சிதம்பரம் என்ற பெயர் பிறந்த வழியே அதற்குள் இருக்கிறது.

அம்மா சொன்ன பொருள் அம்மாவுடையது மட்டும் இல்லை. தலபுராணமும் அதைத்தான் சொல்கிறது. ஐம்பூதத் தலங்களில் இது ஆகாயத் தலம். தில்லை மரங்கள் அடர்ந்த காட்டில் வியாக்கிரபாதரும் பதஞ்சலியும் தவமிருந்தார்கள். தைப்பூசத்தன்று நடுப்பகலில் இறைவன் அவர்களுக்கு ஆனந்தக் கூத்தைக் காட்டினான். ஆடிய வெளி மண்ணில் இருக்கிற வெளி இல்லை, அறிவாகிய வெளி. அதனால்தான் சித் அம்பரம், சிதம்பரம். நடராசருக்கு வலப்பக்கம் திரையை விலக்கித் தீபம் காட்டும்போது அங்கே உருவம் எதுவும் தெரியாது, தங்க வில்வமாலைகள் மட்டும் தொங்கும். பெயரும் கோயிலும் ஒன்றையே சொல்வதுபோல அவ்வளவு பொருத்தம்.

ஆனால் சம்பந்தர் பாடலைப் பாருங்கள். ஊருக்கு அவர் சொல்கிற பெயர் தில்லை. சிற்றம்பலம் என்பது ஊர்ப்பெயர் இல்லை, தில்லைக்குள் இறைவன் ஆடுகிற மண்டபத்தின் பெயர். அப்பரும் "அன்னம் பாலிக்கும் தில்லைச் சிற்றம்பலம்" என்றுதான் பாடுகிறார். சிறுமை கூட்டல் அம்பலம், சிற்றம்பலம். சின்ன மண்டபம், அவ்வளவுதான் சொல்லுக்குப் பொருள். அதே கோயிலில் பேரம்பலம் என்றும் ஒன்று உண்டு. பெரியது ஒன்று பக்கத்தில் இருப்பதால்தான் இது சிறியது.

அம்பலம் என்ற சொல்லையும் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். ஊரார் கூடுகிற பொது இடத்துக்கு அந்தப் பெயர். ஊர்த்தலைவருக்கு அம்பலக்காரர் என்ற பட்டம் வந்ததும் அதனால்தான். மலையாளத்தில் இன்றைக்கும் அம்பலம் என்றால் கோயில். ஒளித்துவைத்தது வெளியே தெரிந்துவிட்டால் "அம்பலமாகிவிட்டது" என்கிறோமே, அதுவும் இதே சொல்தான். உலகமெல்லாம் ரகசியத்தைத் தேடி வருகிற சன்னதியின் பழைய பெயருக்குள் எல்லோருக்கும் திறந்த இடம் என்ற பொருள் இருப்பதை நினைத்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சரி, சிற்றம்பலம் எப்படிச் சிதம்பரம் ஆனது? யாழ்ப்பாணத்துப் பெரியவரின் நாக்குக்குத் திரும்ப வேண்டும். பழந்தமிழில் 'ற்ற' என்பதை அவர் சொன்னமாதிரிதான் சொல்லியிருக்கிறார்கள் என்று மொழியியலார் காட்டுகிறார்கள். மலையாளத்திலும் யாழ்ப்பாணத்திலும் அந்த ஒலி தங்கிவிட்டது, நம் பக்கத்தில்தான் 'ற்ர' என்று உருண்டுவிட்டது. வடமொழியில் இந்த ஒலிக்கு எழுத்தே கிடையாது. வடமொழியில் எழுதவந்தவர் காதுக்கு அது 'சித்தம்பலம்' என்றுதான் விழுந்திருக்கும். 'சித்' என்றதுமே அறிவு என்ற பொருள் அவருக்கு வந்து நிற்கும். மிச்சமிருக்கிற 'அம்பலம்' வடமொழிக்குப் புதுச் சொல். அதற்கு ஓரெழுத்து தள்ளி 'அம்பரம்' இருக்கிறது, ஆகாயம். லகரம் ரகரமாவது பெரிய தூரம் இல்லை. இரண்டையும் சேர்த்தால் சிதம்பரம். மண்டபத்தின் பெயர் அப்புறம் ஊருக்கே ஆகிவிட்டது.

இது தலைகீழாக நடந்திருக்கக் கூடாதா, சிதம்பரம்தான் முதலில் இருந்து தமிழர் வாயில் சிற்றம்பலம் ஆகியிருக்கலாமே என்று சிவனடியார் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். வடமொழித் தகரத்தைத் தமிழில் றகரமாக எழுதுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. உத்சவம் உற்சவம் ஆகிறது, சத்குரு சற்குரு ஆகிறார், இந்தக் கோயிலின் சித்சபையையே சிற்சபை என்கிறோம். ஆனால் கவனியுங்கள், இதெல்லாம் அடுத்து மெய்யெழுத்து வரும்போது மட்டும்தான். அடுத்து உயிரெழுத்து வந்தால் அப்படி ஆகாது. சித் கூட்டல் ஆனந்தம் சிதானந்தம் ஆகுமே தவிர 'சிற்றானந்தம்' ஆகாது. சத் கூட்டல் ஆசாரம் சதாசாரம்தான். அதேபோல சித்தோடு அம்பலத்தைச் சேர்த்திருந்தால் 'சிதம்பலம்' கிடைத்திருக்கும். இரட்டை றகரம் வந்திருக்காது. சிறு என்ற தமிழ்ச்சொல் உயிரெழுத்துக்கு முன்னால் சிற்று ஆகும்போதுதான் அது வரும். சிற்றூர், சிற்றாறு, சிற்றன்னை என்று எத்தனை சொல் இருக்கிறது! பேரூர், பேராறு போலப் பேரம்பலம் பக்கத்திலேயே நிற்பதும் அதற்குத் துணை.

இன்னொரு சாட்சி நம் வாயிலேயே இருக்கிறது. தேவாரம் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் திருச்சிற்றம்பலம் என்கிறோம். யாரும் திருச்சிதம்பரம் என்று முடிப்பதில்லை. ஊர்ப்பலகையில் பெயர் மாறினாலும் ஓதுகிற வாயில் பழைய பெயர் அப்படியே நிற்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தைத் தொடங்கும்போதும் "அம்பலத்தாடுவான்" என்றுதான் வணங்குகிறார்.

இதையெல்லாம் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குக் கலக்கமாகத்தான் இருந்தது. எட்டு வயதில் அவர் எனக்குக் கொடுத்த வானத்தை நானே சுருட்டிவைப்பதுபோல ஆகிவிடக் கூடாது. பிரகாரத்தில் உட்கார்ந்து மெல்லச் சொன்னேன். அம்மா முழுக்கக் கேட்டார். அப்புறம் சிற்சபையைக் காட்டி, "சின்னதாத்தானே இருக்கு, பாரு" என்றார்.

அதற்குப் பிறகுதான் நானும் அதை நன்றாகப் பார்த்தேன். ஐந்து பஞ்சாட்சரப் படிகள். மரத்தூண்கள். சுற்றிலும் ஏழு நிலைக் கோபுரங்களும் ஆயிரங்கால் மண்டபமும் பெரிது பெரிதாக எழுந்து நிற்க, நடுவில் குடிசைபோலச் சரிந்த கூரையோடு ஒரு சின்ன மண்டபம். பொன்னோடு வேய்ந்திருப்பதால் நம் கண் பொன்னிலேயே நின்றுவிடுகிறது. முதலாம் பராந்தக சோழன் இதற்குப் பொன் வேய்ந்ததைச் சோழர் செப்பேடுகள் சொல்கின்றன. அது பத்தாம் நூற்றாண்டு. சம்பந்தரும் அப்பரும் வந்தது அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால். பொன்னை மனதால் எடுத்துவிட்டுப் பார்த்தால், தில்லைக்காட்டு ஊரில் மக்கள் கூடுகிற ஒரு சிறு மரக்கூடம் தெரிகிறது. அதற்குள் அவன் ஆடுகிறான். சிற்றம்பலம் என்ற பெயரில் அந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. சிதம்பரம் என்ற பெயருக்குப் பழகிப்போய் நான் இத்தனை வருடம் அதைப் பார்க்கவே இல்லை.

அதற்காகப் புராணம் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திருமந்திரத்தில் "எங்குஞ் சிதம்பரம் எங்குந் திருநட்டம்" என்று ஓர் அடி வருகிறது. அங்கே திருமூலர் சொல்வது கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிற ஊரை இல்லை. எங்கும் இருப்பதை ஓர் ஊர் என்று சொல்லமுடியாதே. ஒலி ஒத்துவந்ததால் கிடைத்த பொருளை வைத்துக்கொண்டு, சின்ன மண்டபத்துக்குள் நின்றவனை எங்கும் நிற்கிறவனாகக் கண்டிருக்கிறார்கள். சொல்லின் வேரைத் தேடுகிறவர் சிறு என்ற தமிழ்ச்சொல்லுக்குத்தான் வந்துசேர வேண்டும். திரை விலகும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிற அம்மாவுக்கு அந்த ஆகாயமும் வேண்டும். எனக்கும் வேண்டும்.

தில்லை என்ற பெயரில் மட்டும் இந்தச் சிக்கலே இல்லை. அது மரத்தின் பெயர். ஊருக்குள் தில்லைக்காடு இன்றைக்கு இல்லை. மறுநாள் பிச்சாவரம் போனபோது உப்பங்கழி ஓரமாகப் படகுக்காரர் காட்டினார். ஓர் இலையை நான் கிள்ளப்போனதும் கையைப் பிடித்துக்கொண்டார். "பால் கண்ணுல பட்டா எரிச்சல் தாங்காதுங்க." கண்ணைக் கெடுக்கிற பால் வடிகிற மரத்துக்கு நடுவேதான் கண்டு களிக்கவேண்டிய கூத்து நடந்திருக்கிறது.

முதல்நாள் இரவு அர்த்தசாமம் வரை கோயிலில் இருந்தோம். பாதுகையைப் பல்லக்கில் வைத்துப் பள்ளியறைக்கு எடுத்துப்போனார்கள். மணிகள் ஓய்ந்தபிறகு அந்தப் பெரியவர் எங்களைத் தேடி வந்து, மடித்த காகிதத்தில் திருநீறு கொடுத்தார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது மூவரும் சன்னதிப் பக்கம் திரும்பிக் கைகூப்பினோம். இந்தமுறை நான் அவர் சொன்னமாதிரியே நாக்கை உருட்டாமல் சொல்லிப்பார்த்தேன், திருச்சிற்றம்பலம் என்று.