வாடிக்கையாளர் கருத்து ஒன்றுகூட இல்லாத கடைக்கு நான் எழுதிய அறிமுகமும் நிபந்தனைகளும்

மதுரையில் வீட்டிலிருந்தபடியே சுங்குடிச் சேலை விற்கலாம் என்று முடிவு செய்து, ஒரு விற்பனைத் தளத்தில் கடை திறந்தேன். வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. "கடை அறிமுகம்", "திருப்பி அனுப்பும் நிபந்தனைகள்" என்ற இரண்டு பெட்டிகளை நிரப்பத்தான் பதினோரு நாள் ஆயிற்று.

முதல் நாள் எழுதியது இப்படி இருந்தது: "தரமே எங்கள் தாரக மந்திரம். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களின் நம்பிக்கையைப் பெற்ற பாரம்பரியச் சுங்குடிச் சேலைகள்." அண்ணியிடம் படித்துக் காட்டினேன்.

"ஏம்மா, யாரு அந்த ஆயிரம் பேரு?" என்றார். "கீழேயே கருத்து எதுவும் இல்லைனு போட்டிருக்கே. படிக்கிறவ ரெண்டையும் பார்க்க மாட்டாளா?"

அவர் சொன்னது சரிதான். மேலே ஆயிரம் பேர், கீழே பூஜ்யம். அண்ணி இன்னொன்றையும் கேட்டார்: "வீட்ல நீ ஒருத்திதானே பார்க்கிற, எதுக்கு 'எங்கள்'?" நாங்கள், எங்கள் என்று எழுதினால் பெரிய கடைபோலத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஆனால் சேலை பிரச்சினையானால் யார் பதில் சொல்வார்கள் என்பதுதான் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது. ஆகவே "நான்" என்று மாற்றினேன். பல நிபந்தனைகள் அதனாலேயே தானாகத் திருந்தின. "மாற்றித் தரப்படும்" என்று எழுதுவது சுலபம். "மாற்றித் தருவேன்" என்று எழுதும்போது, உண்மையிலேயே தருவேனா என்று கை ஒரு நொடி நிற்கிறது.

கருத்துப் பகுதி காலியாக இருப்பதைப் பார்த்த தோழி ஒருத்தி, "நாங்க நாலு பேர் வாங்கின மாதிரி எழுதிடறோம்" என்றாள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில், விற்பவரே வாடிக்கையாளர்போல் கருத்து எழுதக்கூடாது என்று இருக்கிறது. தோழியை விட்டு எழுதச் சொல்வதும் எனக்கு அதே கதையாகத்தான் பட்டது. விட்டுவிட்டேன்.

அப்படியானால் கருத்துகளுக்குப் பதிலாக அறிமுகத்தில் என்னதான் வைப்பது? படிப்பவர் தானே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய விஷயங்களை வைப்பது என்று முடிவு செய்தேன். அங்கேதான் நான் பெரிதாகச் சறுக்கினேன். எல்லாச் சேலைக்கும் "கையால் முடிச்சிட்ட அசல் சுங்குடி" என்று எழுதியிருந்தேன். என்னிடம் இருந்த நாற்பது சேலையில் முடிச்சிட்டவை ஆறுதான். மற்றவை மெழுகு அச்சு.

இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவர் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். முடிச்சுச் சுங்குடியில் துணியை நுனிவிரலால் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் நனைப்பார்கள். நூல் இறுகிய இடத்தில் சாயம் ஏறாது. அதனால் வட்டம் வெள்ளையாகவும், பல புள்ளிகளின் நடுவில் சின்னதாக ஒரு சாயப் பொட்டும் இருக்கும். ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது, துணியும் கிள்ளிய இடங்களில் சுருங்கி நிற்கும். மெழுகு அச்சில் மெழுகைத் தொட்டு அச்சால் புள்ளி வைத்து, சாயம் ஏற்றி, வெந்நீரில் மெழுகை எடுத்துவிடுவார்கள். புள்ளிகள் ஏறக்குறைய ஒரே அளவாக வரிசை கட்டி நிற்கும். விலையிலும் பெரிய வித்தியாசம். இதை மறைத்து எழுதியிருந்தால் முதல் கருத்தே ஒரு நட்சத்திரமாக வந்திருக்கும்.

மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு உண்டு என்பதையும் பெருமையாக எழுதியிருந்தேன், அதையும் எடுத்தேன். அது அந்தச் சேலை வகைக்குக் கிடைத்த அங்கீகாரம், என் கடைக்குக் கிடைத்ததல்ல.

இன்னொரு சின்னத் தொந்தரவு, எழுத்தெண்ணிக்கை. அறிமுகப் பெட்டியில் 500 எழுத்துதான் அனுமதி. தமிழில் பாதி எழுதியதுமே நிரம்பிவிட்டது என்றது. "சுங்குடி" நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு எட்டு. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. போனில் முதல் இரண்டு வரிதான் தெரிகிறது, மீதியைத் தொட்டுத் திறக்க வேண்டும். இடம் குறைந்ததும் நல்லதாகப் போயிற்று, "தாரக மந்திரம்" முதலில் வெளியேறியது. கடைசியில் நின்றது இது:

"மதுரையில் என் வீட்டிலிருந்து பருத்திச் சுங்குடிச் சேலைகள் விற்கிறேன். மெழுகு அச்சு வகையே அதிகம். கையால் முடிச்சிட்டவை சில, அவற்றின் பெயரிலேயே அப்படி எழுதியிருக்கும். ஒவ்வொரு சேலையையும் நானே விரித்து அளந்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுக்கிறேன். கடை புதிது. சந்தேகம் இருந்தால் வாங்கும் முன் கேளுங்கள். கேட்ட இடத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன்."

"கடை புதிது" என்று எழுதவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எப்படியும் பக்கத்தைப் பார்த்தாலே தெரிகிற விஷயம். நானே சொன்னதால் அடுத்த வரிக்கு ஒரு காரணம் கிடைத்தது. "கேட்ட இடத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன்" என்பது நாற்பது சேலை வைத்திருக்கும்போது சுலபம். நானூறு ஆனால் அந்த வரியை நீக்கிவிட வேண்டியதுதான்.

அடுத்தது நிபந்தனைகள். பழைய ஜவுளிக்கடை ரசீதில் இருந்த "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரியை அப்படியே போட்டிருந்தேன். அது செல்லாது. அதே 2020 விதிகளின்படி பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னதுபோல் இல்லாவிட்டாலோ, சொன்ன கெடு தாண்டி வந்தாலோ திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது. எதைத் திரும்ப எடுப்பேன் என்பதில் பாதியைச் சட்டமே முடிவு செய்துவிட்டது. மீதி, பிடிக்கவில்லை என்று வருவது. அதற்கு மட்டும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

ஒரு மெழுகு அச்சுச் சேலையை 1,150 ரூபாய்க்கு விற்கிறேன். எனக்கு அடக்கம் 780, உறையும் அட்டையும் 20, கூரியர் 90. கையில் நிற்பது 260. பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தால், திரும்ப அனுப்பும் செலவு வாங்கியவருடையது, சேலை விலை முழுதும் நான் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொண்டால் எனக்கு நட்டம் 110. பத்தில் இரண்டு திரும்பினாலும், எட்டுச் சேலையின் 2,080-இல் 220 கழித்து 1,860 நிற்கும். தாங்கும். பழுது என்றால் திரும்ப வரும் செலவும் என்னுடையது, மாற்றுச் சேலை அனுப்பும் செலவும் சேர்ந்து கூடுதலாக 200 ரூபாய் போகும். அதைக் குறைக்க ஒரே வழி, அனுப்பும் முன் விரித்துப் பார்ப்பது.

நான் சரக்கு வாங்கும் வியாபாரி, பழுதான சேலையைத் துவைக்காமல், ஃபால்ஸ் தைக்காமல், ரவிக்கைத் துணியை வெட்டாமல் கொடுத்தால்தான் மாற்றுவார். அதனால் வாங்குகிறவருக்கும் அதே மூன்றையும் எழுதினேன். துவைத்த பிறகு தெரிகிற பழுதுக்கு அது பொருந்தாது, அது என் தலையில்தான்.

எது பழுது என்பதையும் எழுத வேண்டியிருந்தது. மெழுகு வெடித்த இடத்தில் சாயம் கசிந்து மயிரிழைபோல் கோடுகள் விழும். முடிச்சுச் சேலையில் சுருக்கம் இருக்கும். இவை அந்த வேலையின் இயல்பு. ஓட்டை, அறுந்த இழை, கறை, படத்தில் இல்லாத சாயத் திட்டு, இவை பழுது. இப்படி இரண்டு பக்கமும் எழுதிய பிறகு "சிறு மாறுபாடுகள் இருக்கலாம்" என்ற மொட்டை வரி தேவைப்படவில்லை. பார்சலைப் பிரிக்கும் வீடியோ கட்டாயம் என்று பல கடைகளில் போடுகிறார்கள். நான் போடவில்லை. என்னிடம் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் என் அம்மா வயது. அதற்குப் பதில் அனுப்பும் முன் சேலையின் முந்தானையையும் உடல் பகுதியையும் நான் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

சாயம் பற்றிய வரிதான் எழுதப் பயமாக இருந்தது. "சாயம் போகாது" என்று போட ஆசை. மஞ்சள், அரக்கு, கருநீலம் மூன்றிலும் ஒவ்வொரு சேலையை எனக்கென எடுத்துத் தனித்தனி வாளியில் துவைத்துப் பார்த்தேன். மஞ்சளில் தண்ணீர் லேசாக நிறம் மாறியதோடு சரி. அரக்கும் கருநீலமும் இரண்டு துவைப்புக்குச் சாயம் விட்டன, மூன்றாவதில் தண்ணீர் தெளிந்தது. 6.2 மீட்டர் இருந்த அரக்குச் சேலை காய்ந்த பிறகு 6.05 மீட்டர். எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன்: "அரக்கும் கருநீலமும் முதல் இரண்டு துவைப்பில் சாயம் விடும், பச்சைத் தண்ணீரில் தனியாக அலசுங்கள், ஊறப்போடாதீர்கள். நீளம் 15 செ.மீ. அளவு சுருங்கும்."

"இதைப் படிச்சா யாரு வாங்குவா?" என்றார் அண்ணி. எனக்கும் பதில் தெரியவில்லை. மூன்றாம் ஆர்டர் கொடுத்தவர் முதலில் கேட்டது அந்த வரியைப் பற்றித்தான்: "மஞ்சளுக்கு ஒண்ணும் எழுதலையே, அது விடாதா?" லேசாகத்தான் விடும் என்றேன். மஞ்சளை வாங்கிக்கொண்டார்.

அனுப்பும் நாள் பற்றி, "மூன்றே நாளில் உங்கள் கையில்" என்றிருந்ததை அழித்தேன். கூரியர் வண்டி என் கையில் இல்லை. கெடு தவறினால் திரும்ப எடுக்க வேண்டும் என்ற விதி வேறு இருக்கிறது. நான் செவ்வாயும் வெள்ளியும்தான் கூரியர் அலுவலகம் போகிறேன். ஆகவே, "செவ்வாய், வெள்ளி காலை 11 மணிக்குள் வந்த ஆர்டர் அன்றே கிளம்பும்; தமிழ்நாட்டுக்குள் 7 நாளுக்குள் வந்து சேரும்" என்று எழுதினேன். வழக்கமாக நான்கு நாளில் போய்விடுகிறது, மூன்று நாளைக் கையிருப்பாக வைத்தேன்.

இவ்வளவு பார்த்தும் ஒன்று தவறியது. "7 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்" என்று மட்டும் எழுதியிருந்தேன். ஐந்தாம் ஆர்டரில் அடுக்குமாடிக் காவலாளியிடம் பார்சல் நான்கு நாள் கிடந்திருக்கிறது. வாங்கியவர் ஊரிலிருந்து வந்து பிரித்து, நிறம் பிடிக்கவில்லை என்று எழுதியபோது கூரியர் கணக்கில் எட்டாம் நாள். எந்த நாளிலிருந்து ஏழு என்று நான் சொல்லவே இல்லை. எடுத்துக்கொண்டேன், 110 ரூபாய் போயிற்று. அன்று இரவே வரியைத் திருத்தினேன்: "பார்சல் உங்கள் முகவரிக்கு வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் எனக்குச் செய்தி அனுப்பினால் போதும், ஊரில் இல்லையென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்கள் திரும்பிய பிறகு அனுப்புகிறேன்."