காஜிமார் பெரிய பள்ளிவாசலில் வாப்பாவின் பெருநாள் தொழுகை

ரமலான் முழுவதும் மதுரையில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த வாப்பா, நோன்புப் பெருநாள் தொழுகைக்காவது ஜமாஅத்தில் போய் நிற்க வேண்டும் என்பது உம்மாவின் நாட்டமாக இருந்தது. கீழக்கரைக்குப் பயணம் செய்ய மருத்துவர் இன்னும் அனுமதிக்காததால், காஜிமார் தெருவிலுள்ள பெரிய பள்ளிவாசலுக்கே அழைத்துச் செல்வதென்று முடிவு செய்தோம்.

பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும். அந்தக் கொஞ்ச தூரத்துக்கே ஆட்டோக்காரர் கேட்ட கூலியைப் பெருநாள் காலையில் பேரம் பேச மனம் வராமல் கொடுத்தேன். தெருமுனையிலேயே இருசக்கர வாகனங்களைக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். கைத்தடியோடு வரும் ஒருவர் எப்படி நுழைவார் என்று யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. முன்பின் தெரியாத இரண்டு இளைஞர்கள் வண்டிகளைத் தூக்கி நகர்த்தி வழிவிட்டார்கள். அவர்களுக்கு அல்லாஹ் அருள் செய்வானாக.

வாப்பாவுக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. நாங்கள் ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். எங்கள் ஊரில் முதல் ரக்அத்தில் ஏழு, இரண்டாவதில் ஐந்து என்று கூடுதல் தக்பீர்களைச் சொல்லியே அவர் வளர்ந்தவர். இரண்டு ரக்அத்திலும் தக்பீர்கள் முடிந்த பிறகுதான் ஓதுதல் தொடங்கும். ஹனஃபி இமாமின் பின்னால் ரக்அத்துக்கு மூன்று தக்பீர்தான். அதிலும் முதல் ரக்அத்தில் ஓதுவதற்கு முன்னாலும், இரண்டாவதில் ஓதி முடித்த பிறகு ருகூஉவுக்கு முன்னாலும் வரும். "மிச்சமுள்ளதை நான் தனியாகச் சொல்லிக்கொள்ளவா?" என்று முந்தைய நாளே ஊர் ஹஜ்ரத்திடம் தொலைபேசியில் கேட்டார். "வேண்டாம் காக்கா, இமாம் எத்தனை சொல்கிறாரோ அத்தனையே சொல்லுங்கள். நமக்கு அந்தத் தக்பீர்கள் சுன்னத்துதான், குறைந்தால் தொழுகைக்குப் பாதகமில்லை, ஸஜ்தா ஸஹ்வும் தேவையில்லை" என்று அவர் சொன்ன பிறகுதான் வாப்பா சமாதானமானார்.

பாங்கும் இகாமத்தும் இல்லாத தொழுகை என்பதால், ஸஃப் சீராகிறதா என்று பார்த்தபடி இமாமே ஒலிபெருக்கியில் முறையை விளக்கினார். நாற்காலியைப் பின்னால் போட்டுக்கொண்டு, நிலையை மட்டும் நின்றே தொழுவேன் என்று வாப்பா பிடிவாதமாக நின்றார். முதல் தக்பீரில் கை கட்டியாயிற்று. பிறகு வந்த கூடுதல் தக்பீர்களில் மற்றவர்கள் காதுவரை கையை உயர்த்தி, முதல் இரண்டிலும் தொங்கவிட்டு, மூன்றாவதில் கட்டிக்கொண்டார்கள். வாப்பாவோ எங்கள் வழக்கப்படி ஒவ்வொன்றுக்கும் தோள்வரை உயர்த்தி, மறுபடியும் நெஞ்சுக்குக் கீழே கட்டிக்கொண்டு, இடைவெளியில் "சுப்ஹானல்லாஹி வல்ஹம்துலில்லாஹி" என்று உதடு அசைத்தார். வாரக்கணக்கில் ஊசி ஏறிக் கறுத்துப்போன கை அது. தலையணையிலிருந்து தானாக எழ முடியாமல் இருந்த கை, ஒவ்வொரு அல்லாஹு அக்பருக்கும் உயர்ந்து இறங்கியது. என் பார்வை ஸஜ்தா செய்யும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது தெரிந்தும், ஓரக்கண் அந்தக் கையை விட்டு அகல மறுத்தது.

இமாம் முதல் ரக்அத்தில் 'ஸப்பிஹிஸ்ம' சூராவும், இரண்டாவதில் 'ஹல் அதாக' சூராவும் ஓதினார். ஒவ்வொரு பெருநாளிலும் தடுமாற்றம் நிகழும் இடம் அதற்குப் பிறகுதான். ஓதி முடிந்ததும் வரும் தக்பீர் ருகூஉவுக்கானது என்று பழக்கத்தில் பலர் குனிந்துவிடுகிறார்கள். நான்காவது தக்பீருக்குத்தான் கை உயர்த்தாமல் குனிய வேண்டும் என்று இமாம் அவ்வளவு சொல்லியும், எங்கள் வரிசையிலேயே சிலர் குனிந்து, அக்கம்பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்துச் சட்டென்று நிமிர்ந்தார்கள். இந்த முறைக்குப் பழகாத வாப்பா மட்டும் அசையாமல் நின்றார். பழக்கமில்லாததால்தான் ஒவ்வொரு தக்பீரையும் கவனித்துக் கேட்டிருக்கிறார் போலும்.

ஸலாம் கொடுத்ததும் பாதிக்கூட்டம் எழுந்து கட்டித்தழுவத் தொடங்கியது எனக்கு வருத்தமே. ஜும்ஆவில் குத்பா முன்னால் வருவதால் யாரும் போவதில்லை. பெருநாளில் தொழுகைக்குப் பின்னால் வருவதால் அதைத் தொழுகையோடு சேராத ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். முஸாபஹா செய்யப் பத்து நிமிடம் பொறுத்தால் பெருநாள் ஓடிவிடாது. இமாம் மிம்பரில் ஏறி ஒன்பது தக்பீர்களோடு முதல் குத்பாவைத் தொடங்கினார். இடையில் சற்றே அமர்ந்து எழுந்து, ஏழு தக்பீர்களோடு இரண்டாவதைத் தொடங்கினார். அந்த ஏழையும் வாப்பா நாற்காலியில் அமர்ந்தபடி மெல்லிய குரலில் கூடவே சொன்னார். எனக்கு அதன்பிறகு குத்பாவில் எதுவும் காதில் ஏறவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்பதைத் தவிர அப்போது சொல்ல வேறு சொல்லும் வரவில்லை.

துஆ முடிந்து, வந்த தெருவை விட்டு வேறு தெரு வழியாக வீடு சேர்ந்தோம். "நின்றா தொழுதார்?" என்று வாசலிலேயே உம்மா கேட்டார். "நின்றுதான்" என்றேன். வட்டிலப்பத்தை வெட்டப் போனவர், அப்படியே ஷுக்ருக்கு ஸஜ்தாவில் விழுந்துவிட்டார்.