ரொட்டிக்கடை தாண்டி லெஃப்ட்

வால்பாறைக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் பங்களாவை ரிசார்ட்டாக மாற்றியிருந்தார்கள். அங்கே இரவு ரிசப்ஷனில் நான் சில வருஷம் இருந்தேன். ரூம் சாவி கொடுப்பதைவிட அதிகமாகச் செய்த வேலை, வந்துகொண்டிருக்கும் காரின் டிரைவருக்குப் போனில் வழி சொல்வதுதான்.

மேப் இருக்கிறதே என்பார்கள். இருந்தது. ஆனால் அது காட்டும் குறுக்கு வழி தேயிலைத் தோட்டத்துக்குள் புகுந்து, சாயங்காலமே பூட்டிவிடும் ஒரு கேட்டில் கொண்டுபோய் நிறுத்தும். பொள்ளாச்சியிலிருந்து ஏறுகிறவர்களுக்கு ஆழியாறு சோதனைச்சாவடி தாண்டியதும் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அதனால் சாவடிக்கு முன்னாலேயே டிரைவரைப் பிடித்து, முழு வழியையும் அவர் மண்டையில் ஏற்றிவிட வேண்டும். விருந்தினரிடம் சொல்லிப் பயனில்லை. அவர் பின்சீட்டில் அரைத்தூக்கத்தில் கேட்டு, டிரைவரிடம் பாதியைச் சொல்வார். "சார், போனை டிரைவரண்ணாகிட்ட குடுங்க" என்பதுதான் என் முதல் வாக்கியம்.

நான் சொல்லும் வழி சின்னதுதான். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் முடியட்டும். அப்புறம் ரொட்டிக்கடை என்று ஒரு சின்ன பஜார் வரும். அதைத் தாண்டினால் ஒரு பயணியர் நிழற்குடை. அதை ஒட்டி லெஃப்ட்.

வளைவுகளுக்கு எண் போட்ட பலகை இருப்பது பெரிய வசதி. "ஒன்பதாவது வளைவுல வியூ பாயிண்ட், எல்லாரும் நிறுத்தி போட்டோ எடுப்பாங்க. அங்க சிக்னல் கிடைச்சா கூப்பிடுங்க" என்று சொல்லிவிடலாம். அவர் எங்கே இருக்கிறார் என்று ஊகிக்கவே வேண்டாம், ஒரு எண்ணைச் சொன்னால் போதும். ஆனால் வளைந்து வளைந்து ஏறுகிறவரிடம் லெஃப்ட், ரைட் என்பது அந்த நேரத்தில் காதில் நிற்பதில்லை. பழைய லாரி டிரைவர் ஒருவர்தான் "கிளீனர் சைடுன்னு சொல்லுங்க தம்பி, கை தன்னால திரும்பும்" என்றார். அன்றிலிருந்து லெஃப்ட் என்றால் கிளீனர் சைடு, ரைட் என்றால் டிரைவர் சைடு. கிளீனரே இல்லாத காரிலும் அது வேலை செய்தது.

இன்னொன்றைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரே இடத்தை ஒரே வார்த்தையால்தான் சொல்ல வேண்டும். முதல் தடவை "நிழற்குடை" என்றேன், திரும்பச் சொல்லும்போது "பஸ் ஸ்டாப்" என்றேன். அந்த டிரைவர் நிழற்குடையைப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாப் இன்னும் வரவில்லையே என்று வால்பாறை டவுன் வரைக்கும் போய்விட்டார். எனக்கு அது ஒரே இடம், அவருக்கு இரண்டு.

அடையாளத்தைப் பகலில் தேர்ந்தெடுப்பதும் தப்பு. டீக்கடை எட்டு மணிக்கு மூடிவிடும், பனி இறங்கினால் கோயில் கோபுரம் தெரியாது. சாலையோரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு ஒன்று இருந்தது. இருட்டிலும் பளிச்சென்று தெரிகிறதே என்று ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பக்கத்தில் யானை இருந்தால் மட்டும் எரிகிற எச்சரிக்கை விளக்கு என்று தோட்டத்துக் காவலாளி சொன்ன பிறகு நிறுத்தினேன். அடையாளமாகத்தான் சொன்னேன். ஆனால் அந்த அடையாளம் தெரிந்தால் அங்கே திரும்பவே கூடாது.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் அந்த டிசம்பர் ராத்திரி சொதப்பினேன்.

கொச்சியிலிருந்து ஒரு குடும்பம் வரவேண்டியிருந்தது. ஒன்பது மணி சுமாருக்கு டிரைவர் கூப்பிட்டார். மலையாளி, தமிழ் நன்றாகவே பேசினார். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "ரொட்டிக்கடை தாண்டி நிழற்குடை. நிழற்குடைகிட்ட கிளீனர் சைடு. திருப்பிச் சொல்லுங்கண்ணா." அவர் அப்படியே சொன்னார், ஒரு வார்த்தை பிசகவில்லை. எனக்குத் திருப்தி. கிச்சனில் சூப்பைச் சூடு பண்ணச் சொன்னேன்.

இருபது நிமிஷத்தில் திரும்பவும் போன். "நிழற்குடை ஒண்ணும் காணோம் சாரே. ரொட்டிக்கடை தாண்டிட்டேன். இங்க பலகையில நாற்பதுன்னு போட்டிருக்கு."

நாற்பதா? ஏறி வருகிறவருக்கு நாற்பது என்பது கடைசி வளைவு, அது ரொட்டிக்கடைக்கு முன்னாலேயே முடிந்துவிடும். ரொட்டிக்கடைக்கு அப்புறம் நாற்பது வருகிறது என்றால் அவர் இறங்கிக்கொண்டிருக்கிறார். பொள்ளாச்சியைப் பார்த்து.

"அண்ணா, நீங்க எந்த வழியா வந்தீங்க?"

"அதிரப்பள்ளி, வாழச்சால், மளுக்குப்பாறை. எப்பவும் அந்த வழிதான்."

நான் கேட்கவே இல்லை. பொள்ளாச்சி வழியாகத்தான் எல்லாரும் வருவார்கள் என்று என் நாக்குக்குப் பழகிவிட்டிருந்தது. மளுக்குப்பாறை பக்கமிருந்து காட்டு வழியே வருகிறவர் வால்பாறை டவுனைக் கடந்து எங்களை நோக்கி வருவார். அவருக்கு நிழற்குடை முதலில், ரொட்டிக்கடை அப்புறம். திரும்ப வேண்டியதும் டிரைவர் சைடு. நான் சொன்னதில் லெஃப்ட் மட்டுமல்ல, "தாண்டி" என்ற வார்த்தையும் தப்பு. அவர் திருப்பிச் சொன்னதால் என் தப்புதான் அச்சுப் பிசகாமல் எனக்கே திரும்பி வந்தது.

பனி. கீழே பள்ளம். பின்சீட்டில் ஒரு குழந்தை அழுகிற சத்தம் போனில் கேட்டது. முதலில் அவரை வளைவில் வண்டியைத் திருப்ப விடக்கூடாது. "வளைவுல திருப்பாதீங்க. மெதுவா போங்க, ரோடு அகலமா இருக்கிற இடத்துல ரெண்டு இண்டிகேட்டரும் போட்டு நிறுத்தித் திருப்புங்க. யாரும் இறங்க வேண்டாம், யானை நடமாட்டம் உண்டு. திருப்பினதும் சொல்லுங்க." லைனைத் துண்டிக்காமல் காத்திருந்தேன். "திரும்பியாச்சு" என்றார்.

அந்த நிமிஷத்தில் ஒரு வேடிக்கை. அவர் இப்போது ஏறுகிறார். பொள்ளாச்சியிலிருந்து வருகிறவருக்கு நான் சொல்லும் அதே வழி, ஒரு எழுத்து மாறாமல், இப்போது அவருக்குச் சரி. ரொட்டிக்கடை தாண்டி, நிழற்குடை, கிளீனர் சைடு. அதையே மறுபடி சொன்னால் மனிதர் என்ன நினைப்பார் என்று ஒரு கணம் தயங்கிவிட்டு, சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதே எடத்தோட்டா?" என்றார் மலையாளத்தில், அதே லெஃப்டா என்று. "அதேதாண்ணா. இப்போ சரியா வரும். வால்பாறை டவுன் விளக்கு வந்துட்டா தாண்டிட்டீங்கன்னு அர்த்தம்." தாண்டிவிட்டால் எது தெரியும் என்று முதல் போனிலேயே சொல்லியிருந்தால் நாற்பது வரைக்கும் போயிருக்க மாட்டார்.

வாட்ச்மேனை டார்ச்சோடு நிழற்குடைக்கு அனுப்பினேன். பத்து மணிக்கு மேல் கார் உள்ளே வந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை, சூப்தான் ஆறிப்போயிருந்தது.

காலையில் டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சாரே, வால்பாறையில இருந்து வந்தா அந்த நிழற்குடை முதுகுதான் தெரியும். வெறும் சுவர். அதுல எழுத்து ஒண்ணும் இல்ல. நீங்க சரியா சொல்லியிருந்தாலும் நான் பார்த்திருக்க மாட்டேன்."

அன்று ராத்திரி வாட்ச்மேனின் பைக்கில் வால்பாறை வரை போய், அங்கிருந்து திரும்பி வந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. அந்தப் பக்கத்திலிருந்து தெரிவது நிழற்குடைக்குக் கொஞ்சம் முன்னால், சாலையை ஒட்டி நிற்கும் வெள்ளைத் தண்ணீர்த் தொட்டிதான். ஹெட்லைட் பட்டதும் பனியிலும் வெளுப்பாகத் தெரிந்தது.

போன் பக்கத்தில் இரண்டு சீட்டு ஒட்டினேன். ஒன்றில் "ஆழியாறு: நிழற்குடை, கிளீனர் சைடு." இன்னொன்றில் "மளுக்குப்பாறை: வெள்ளைத் தொட்டி, டிரைவர் சைடு." அடுத்த சனிக்கிழமை போன் அடித்தது. "அண்ணா, வணக்கம். வழி அப்புறம் சொல்றேன். கடைசியா தாண்டின ஊர் எது?"