புது சிம் போட்டதும் "SIM not provisioned" வந்தது: அப்பத்தா நம்பரை மீட்ட கதை

அப்பத்தாவின் நம்பர் ரொம்பப் பழசு. பேங்க், கேஸ், பென்ஷன், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த ஒரே நம்பர்தான். அது பழைய காலத்து சிம் என்பதால் புதிதாக வாங்கிக் கொடுத்த போனில் நெட் ஓடவில்லை, 4ஜி கார்டாக மாற்றினால்தான் ஆகும் என்றார்கள். சரி என்று காரைக்குடிக்கு அழைத்துப் போய் ஒரு கடையில் அதே நம்பருக்குப் புதுக் கார்டு வாங்கினோம். ஆதார் காட்டி, கேமராவில் அப்பத்தா முகத்தைப் படம் பிடித்து, பழைய போனுக்கு வந்த ஓடிபியைச் சொல்லி எல்லாம் முடிந்தது. "கொஞ்ச நேரத்துல ஆக்டிவ் ஆயிரும், வீட்டுல போய்ப் போட்டுக்கங்க ஆச்சி" என்று கடைத் தம்பி கார்டைக் கொடுத்துவிட்டான். கண்டனூர் வந்து புது போனில் போட்டதும் திரையில் வந்தது இது:

```
SIM not provisioned MM#2
```

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது, கார்டை வெளியே எடுத்து அந்தத் தங்க நிறத் தகட்டை அழிரப்பரால் தேய்ப்பது. பக்கத்து வீட்டு மாமாவும் அதைத்தான் சொன்னார். தயவுசெய்து வேண்டாம். கார்டைப் போனால் படிக்க முடியாவிட்டால் சிம்மே இல்லை என்று வேறு செய்தி வரும். "not provisioned" என்று வருகிறது என்றால் போன் கார்டை நன்றாகவே படித்துவிட்டது, டவர் வரை போய்ப் பேசியும் விட்டது, அந்தப் பக்கத்திலிருந்து "இந்தக் கார்டு எங்கள் கணக்கில் இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. அதாவது இது கம்பெனியின் பதில். எங்கள் வீடு மாதிரிப் பெரிய வீட்டில் வளவைத் தாண்டி உள்கட்டுக்குப் போனால் சிக்னல் சாகும், அதனால் முகப்புக்கு வந்து பார் என்றும் ஒருவர் சொன்னார். அதுவும் இதற்கு உதவாது. சிக்னல் இல்லாவிட்டால் சர்வீஸ் இல்லை என்றுதான் காட்டும். இந்தப் பதில் வந்ததே டவர் கிடைத்ததால்தான்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், அது புரிந்தால்தான் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க முடியும். நம்முடைய பத்து இலக்க நம்பர் சிம்முக்குள் இருந்து வேலை செய்வதில்லை. கார்டுக்குள் 15 இலக்கத்தில் வேறொரு அடையாள எண் இருக்கிறது, இந்தியக் கார்டுகளில் அது 404 அல்லது 405 என்று தொடங்கும். போன் டவரிடம் சொல்வது அந்த எண்ணைத்தான். கம்பெனியிடம் செட்டியார் வீட்டுப் பேரேடு மாதிரி ஒரு பெரிய கணக்கு இருக்கிறது, எச்எல்ஆர் என்பார்கள், இந்த அடையாள எண்ணுக்கு இந்த போன் நம்பர் என்று அதில் எழுதியிருக்கும். சிம் மாற்றுவது என்றால் பழைய கார்டின் எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதுக் கார்டின் எண்ணை எழுதுவது, அவ்வளவுதான். டவர் தேடிப் பார்க்கும்போது புதுக் கார்டின் எண் அங்கே இல்லாவிட்டால் 2 என்ற காரண எண்ணோடு மறுப்பு வரும். MM#2 என்பதில் இருக்கும் 2 அதுதான். சில போன்கள் அந்த எண்ணைக் காட்டாமல் வாசகத்தை மட்டும் காட்டும்.

அப்படியானால் பார்க்க வேண்டியது பழைய சிம்மை. கடையில் இருந்தபோதே பழைய கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று அப்பத்தாவிடம் சொல்லி அந்தப் பட்டன் போனிலேயே வைத்திருந்தேன், அது நல்லதாகப் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் அந்த போனிலிருந்து என் நம்பருக்கு ஒரு கால் போட்டேன், போனது. டவர் கோடுகளை மட்டும் பார்த்து நம்பக் கூடாது, கால் போட்டுத்தான் பார்க்க வேண்டும். பழைய சிம்மில் கால் போகிறது, புதுசு மறுக்கிறது என்றால் மாற்றம் இன்னும் பேரேட்டில் ஏறவில்லை என்று பொருள். அதற்கு நாம் செய்ய ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டியதுதான். சில மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தில் கடைக்கு ஓடுவதும், புது சிம்மை நாலு போனில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதும் வீண் அலைச்சல்.

சாயங்காலம் பழைய சிம் செத்தது. கால் போகவில்லை. அப்பத்தா "டவர் வந்துருச்சாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். புது போனில் இன்னும் அதே MM#2.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. இந்த மறுப்பு ஒருமுறை வந்துவிட்டால் போன் அந்தக் கார்டைச் செல்லாதது என்று குறித்துக்கொள்ளும். போனை அணைக்கும் வரை, அல்லது சிம்மை வெளியே எடுக்கும் வரை, மறுபடி கேட்கவே கேட்காது. மொபைல் நெட்வொர்க்கின் சர்வதேச விதியே அப்படித்தான் எழுதியிருக்கிறது, போனின் கோளாறு இல்லை. அதனால் கம்பெனி பக்கம் எல்லாம் சரியான பிறகும் போன் காலையில் வந்த பதிலையே பிடித்துக்கொண்டு நிற்கும். ஏர்பிளேன் மோடு போட்டு எடுப்பது எல்லா போனிலும் போதாது. முழுதாக அணைத்து, சிம்மை எடுத்து, மறுபடி போட்டு ஆன் செய்யுங்கள். பழைய சிம் செத்த பிறகு இதைச் செய்தால் பாதிப் பேருக்கு மேல் இத்தோடு பிரச்சினை முடிந்துவிடும் என்பது என் எண்ணம். ஊரில் இரண்டு மூன்று பேருக்கு அப்படித்தான் முடிந்தது.

எங்களுக்கு முடியவில்லை. ஆன் செய்ததும் மறுபடி MM#2.

பழைய சிம் செத்துவிட்டது என்றால் பழைய எண்ணைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதுசும் மறுக்கிறது என்றால் நம் கையில் இருக்கிற கார்டின் எண் அங்கே எழுதப்படவில்லை. அப்புறம் யாருடைய எண்ணை எழுதினார்கள்? பட்டன் போனில் காலையில் வந்திருந்த எஸ்எம்எஸ்களைத் திறந்தேன். சிம் மாற்றக் கோரிக்கை வந்திருக்கிறது, புது சிம் எண் இது என்று ஒரு நீளமான எண்ணைப் போட்டு ஒரு எஸ்எம்எஸ் இருந்தது. கார்டின் முதுகில் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும் எண் அது, ஐசிசிஐடி என்பார்கள், 19 அல்லது 20 இலக்கம் இருக்கும், இந்தியக் கார்டு என்றால் 8991 என்று தொடங்கும். வெயில் படும்படி முற்றத்தில் உட்கார்ந்து கண்ணாடி வைத்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டேன். கடைசி இரண்டு இலக்கம் வேறு. மற்றதெல்லாம் ஒன்று.

அடுத்தடுத்த கார்டுகளுக்கு எண் வரிசையாக வரும், கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண் என்பதால் முந்தின இலக்கம் மாறினால் அதுவும் மாறும். ஆகக் கடையில் ஒரு கார்டின் பார்கோடை ஸ்கேன் செய்துவிட்டு அதற்கு அடுத்த கார்டை எங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். அப்பத்தாவின் நம்பர் இப்போது கடையின் மேசையில் எங்கேயோ கிடக்கிற இன்னொரு கார்டில் உட்கார்ந்திருக்கிறது. கார்டைப் போனுக்குள் இருந்து எடுக்க மனமில்லை என்றால் பல ஆண்ட்ராய்டு போன்களில் Settings > About phone > SIM status என்று போனால் ICCID என்று அதே எண் தெரியும்.

இது தெரிந்த பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் கார்டை வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் பேங்க் ஓடிபி எல்லாம் அவர் கைக்குப் போகும். உடனே என் போனிலிருந்து அப்பத்தா நம்பருக்குக் கால் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது, அதாவது ஆன் செய்திருக்கிற எந்த போனிலும் அந்தக் கார்டு இல்லை. யாராவது எடுத்துப் பேசியிருந்தால் கடைக்குப் போவதற்கு முன்பே பேங்குக்குப் போன் செய்து கணக்கை நிறுத்தச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அப்படி நடந்தால் தயங்காமல் அதைச் செய்யுங்கள்.

கடைக்குப் போய் எஸ்எம்எஸ்ஸையும் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "சிம் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் "24 மணி நேரம் பாருங்கண்ணே" என்றுதான் பதில் வரும், எண்ணைக் காட்டினால் பேச்சே வேறு. அந்தத் தம்பி நல்ல பையன், உடனே அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினான், அந்த எண்ணுள்ள கார்டு மேல் உறை கிழிந்தபடி கிடந்தது. அதைப் போட்டு ஆன் செய்ததும் டவர் வந்துவிட்டது. அது கிடைக்காமல் போயிருந்தால் அப்பத்தாவை மறுபடி அழைத்துப் போய் முதலிலிருந்து சிம் மாற்ற வேண்டியிருக்கும், பழைய சிம் செத்திருப்பதால் ஓடிபியும் வராது, இன்னும் சிரமம். எனவே கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே எஸ்எம்எஸ்ஸில் இருக்கும் எண்ணும் கார்டில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள்.

"SIM not allowed" என்றோ MM#3 என்றோ வந்தால் கதை வேறு. டவர் கார்டிடம் ஒரு ரகசியச் சாவியை வைத்துக் கணக்குப் போடச் சொல்லும், விடை பொருந்தாவிட்டால், அல்லது அந்தக் கார்டை ஏற்கக் கூடாது என்று கம்பெனி முடிவு செய்துவிட்டால் இது வரும். அதைக் காத்திருந்து சரிசெய்ய முடியாது, ரீஸ்டார்ட் செய்தும் அதுவே வந்தால் கார்டையே மாற்றித் தரச் சொல்லுங்கள். "Phone not allowed" அல்லது MM#6 என்றால் தடை கார்டுக்கு இல்லை, போனுக்கு. செகண்ட் ஹேண்ட் போன் வாங்கியவர்கள் இதைப் பார்க்கலாம். *#06# அடித்து ஐஎம்இஐ என்கிற போனின் அடையாள எண்ணை எடுத்து, KYM என்று எழுதி ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது தடை செய்த போனா என்று தெரியும். இதையே வேறு போனில் அந்த சிம்மைப் போட்டும் உறுதி செய்துகொள்ளலாம்.

கடைசியாக, டவர் வந்த அன்று ராத்திரி அப்பத்தாவுக்குக் கால் எல்லாம் வந்தது, ஓடிபி மட்டும் வரவில்லை. அது கோளாறு இல்லை. சிம் மாற்றி மோசடி செய்பவர்களைத் தடுக்க, மாற்றிய பிறகு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வரவும் போகவும் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவு இருக்கிறது. பென்ஷன், பேங்க் வேலை ஏதாவது இருந்தால் அதை முன்கூட்டியே முடித்துவிட்டு சிம் மாற்றப் போங்கள், 2024 ஜூலையிலிருந்து சிம் மாற்றிய 7 நாளுக்கு வேறு கம்பெனிக்கு நம்பரை மாற்றவும் முடியாது. அப்பத்தாவுக்கு மறுநாள் சாயங்காலம் எஸ்எம்எஸ் வர ஆரம்பித்தது.