லிப்பிட் தேர்வு: எண்ணெய்ப் புகையும் சோயா மெழுகும்

லிப்பிட் டெக்னாலஜி தேர்வுக்கு இன்னும் 12 நாள். போன தடவை, "பொரிக்க எது, பேக்கிங்குக்கு எது, காரணம் கூறுக" கேள்விக்கு, எண்ணெய் புகையத் தொடங்கும் வெப்பநிலையான புகைநிலையை மட்டும் எழுதிவிட்டு மார்க்கைக் கோட்டைவிட்டேன். இந்த முறை அடுப்படியிலேயே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

ஞாயிறு: சின்ன இரும்புச் சட்டி, 300 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர், பின்னால் கறுப்பு அட்டை, பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம். டார்ச் இல்லாவிட்டால் முதல் நீல இழை கண்ணில் படாது. புது ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் 226 டிகிரியில் புகைந்தது. அதிலேயே மூன்று தடவை வடை சுட்டு வடிகட்டிய எண்ணெய் 190-லேயே புகைந்துவிட்டது. மாவின் ஈரம், மூன்று கொழுப்பு அமிலம் கோத்த எண்ணெய் மூலக்கூறான டிரைகிளிசரைடை உடைத்துக் கொழுப்பு அமிலத்தைத் தனியே கழற்றிவிடுகிறது. தனி அமிலம் சுலபமாக ஆவியாகும், புகைவது பெரும்பாலும் அதுதான்.

பாமாயில் 224. என் தெர்மாமீட்டருக்கு இரண்டும் ஒன்றே. பொரிப்பதோ 180-ல்தான். அப்புறம் ஏன் சிப்ஸ் போடுகிறவர்கள் பாமாயிலை விரும்புகிறார்கள்? விலை ஒரு காரணம். இன்னொன்றைச் சட்டி விளிம்பே காட்டியது: சூரியகாந்தி சுட்ட சட்டியில் சோப்புக்கு அசையாத மஞ்சள் பிசின். ஆக்சிஜன் எளிதில் தாக்குகிற லினோலெயிக் அமிலம் அதில் பாதிக்கு மேல், பாமாயிலில் பத்தில் ஒரு பங்கு போலத்தான். எண்ணெய் எத்தனை சுத்தம் என்று புகைநிலை சொல்லும், எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லாது. நான் மார்க்கை விட்டது இங்கேதான்.

செவ்வாய்: பேக்கிங் பக்கம். இதற்குக் கெட்டிக் கொழுப்பு வேண்டும். எண்ணெயைக் கெட்டியாக்க நிக்கல் வினையூக்கியோடு ஹைட்ரஜன் ஏற்றுவதைப் பாதியில் நிறுத்தினால் டிரான்ஸ் கொழுப்பு வரும். இந்தியாவில் 2022 முதல் அதற்கு 2 சதவீதம்தான் உச்சவரம்பு. முழுக்க ஏற்றினால் டிரான்ஸ் அநேகமாக இருக்காது, ஆனால் கொழுப்பு கல்லாகிவிடும். அதோடு எண்ணெயைக் கலந்தால் போதாதா?

மெழுகுவத்திக்கு விற்கிற சோயா மெழுகும் ஹைட்ரஜன் ஏற்றிய சோயா எண்ணெய்தான் (தின்பதற்கில்லை). ஒரு பங்கு மெழுகு, மூன்று பங்கு எண்ணெய், உருக்கி ஆறவைத்தேன். மறுநாள் ரவை ரவையாக இருந்தது, ஓரத்தில் எண்ணெய் கசிந்திருந்தது. விரலில் தேய்த்தால் எண்ணெய் வழுக்கிப் போக, மெழுகுத் துகள் உருகாமல் நின்றது. உருகாத மூலக்கூறு ஒரு கூட்டம், உறையாத மூலக்கூறு ஒரு கூட்டம், நடுவில் ஆளில்லை.

இன்டர்எஸ்டெரிஃபிகேஷன் அந்த நடுவைத்தான் நிரப்புகிறது. சோடியம் மெத்தாக்சைடு போட்டுச் சூடாக்கினால் டிரைகிளிசரைடுகள் தங்களுக்குள் அமிலங்களை மாற்றிக்கொள்கின்றன. ஒரே மூலக்கூறில் கெட்டி அமிலமும் இளகின அமிலமும் சேர்வதால், மாவில் தேய்க்கத் தோதான பதம் கிடைக்கிறது. எந்த அமிலம் எவ்வளவு என்ற கணக்கு மட்டும் முன்பும் பின்பும் ஒன்றே. அதனால் கொழுப்பு அமிலப் பட்டியலை வைத்து, "இதற்கு இன்டர்எஸ்டெரிஃபிகேஷன் நடந்ததா?" என்று கேட்டால் விடை சொல்ல முடியாது, உருகுநிலையைப் பார்க்க வேண்டும். பழைய வினாத்தாளில் இதே பொறி இருக்கிறது.

கிண்ணத்தை ஃபிரிட்ஜில் பார்த்த அம்மா, "ஏண்டா, நெய் இப்படிக் கெட்டுப்போச்சு?" என்றாள். இப்போது மேலே "தொடாதே" என்று ஒட்டியிருக்கிறேன்.