இட்லிக்குக் கணக்குப் போட மாவு அரைக்கும் நாளிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது

மூன்று வாரம் நோட்டில் எழுதியதெல்லாம் வீண். போனில் இருந்த ஆப் ஒரு இட்லிக்கு 39 கலோரி என்று காட்டியது. நாலு இட்லிக்கு 156 என்று தினமும் எழுதிக்கொண்டு போய் உணவியல் நிபுணரிடம் நீட்டினால், அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க வீட்டு இட்லி எவ்வளவு எடை?" எனக்குத் தெரியவில்லை. சட்னியை நான் எழுதவே இல்லை. "அடுத்த முறை மாவிலிருந்து ஆரம்பிங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

சரி என்று 800 கிராம் இட்லி அரிசியும் 200 கிராம் உளுந்தும் எடைபோட்டு ஊறவைத்தேன். அரிசி 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி, 8 கிராம் புரதம். உளுந்தில் கலோரி கிட்டத்தட்ட அதேதான், புரதம் மட்டும் 23 கிராம். மொத்தம் சுமார் 3,450 கலோரி, 110 கிராம் புரதம். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் இது மாறாது. மாவு மொத்தம் எவ்வளவு எடை என்று தெரிந்தால் வகுத்துவிடலாம்.

அங்கேதான் சறுக்கினேன். முதலில் கரண்டிக் கணக்கு வைத்துக்கொண்டேன். புளித்துப் பொங்கிய மாவில் காற்று நிறைய இருக்கிறது, அதே கரண்டியில் காலையில் அள்ளினால் எடை குறைவு, கலக்கி அடங்கிய பிறகு அள்ளினால் அதிகம். அதோடு மூன்றாம் நாள் தோசைக்கு அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிட்டார், என் கணக்கு அத்தோடு போனது. அடுத்த ஈட்டில் காலிப் பாத்திரத்தின் எடையை மூடியிலேயே எழுதி ஒட்டினேன், தண்ணீர் சேர்த்தால் மறுபடி எடை போட்டேன். மாவு 2,600 கிராம் வந்தது, அதாவது 100 கிராமுக்கு 133 கலோரி, 4 கிராம் புரதம். எங்கள் தட்டில் ஒரு குழிக்கு 60 கிராம் மாவு பிடிக்கிறது. நாலு இட்லி 320 கலோரி, 10 கிராம் புரதம். ஆப் சொன்னதற்கு இரண்டு மடங்கு!

சாம்பார் சுலபம். 100 கிராம் துவரம் பருப்பில் வைத்தது 1,200 கிராம் வந்தது, ஒரு கிண்ணத்துக்கு 60 கலோரி, புரதம் 3 கிராம்கூட இல்லை. புரதத்துக்குச் சாம்பாரை நம்பியிருந்த எனக்கு இதுதான் பெரிய ஏமாற்றம். பருப்பை இரட்டிப்பாக்கிக் கெட்டியாக வைத்தால்தான் 5 கிராம் தாண்டுகிறது. தேங்காய்ச் சட்னி என் பங்குக்கு மட்டும் 130 கலோரி, புரதம் இரண்டரை கிராம், அதிலும் பெரும்பகுதி பொட்டுக்கடலை கொடுத்தது.

பொங்கலையும் இப்படியே பானையோடு எடைபோட்டேன். அரிசி 200, பாசிப்பருப்பு 100 கிராம், நெய் 60. ஒரு தட்டுக்கு 330 கலோரி வந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு நெய்தான். ஹோட்டல் பொங்கலுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள், அங்கே நெய்யோ டால்டாவோ எவ்வளவு விழுந்தது என்று நமக்குத் தெரியாது.

தோசைக்கு மட்டும் எண்ணெய்ப் பாட்டிலைச் சுடுவதற்கு முன்னும் பின்னும் எடை போடுங்கள். ஸ்பூன் கணக்கில் நாலு தோசைக்கு நாலு ஸ்பூன், சுமார் 18 கிராம் என்று நம்பியிருந்தேன். பாட்டிலில் குறைந்திருந்தது 28 கிராம், எண்ணெய் மட்டுமே 250 கலோரி.